மலாய் போட்டோம், பிரெஞ்சு தேவைப்பட்டது: ஒரு சமையல் சேனலின் சப்டைட்டில் கணக்கு

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்தில் பெரியம்மா சமைக்கிறார். படம் பிடிப்பது, வெட்டி ஒட்டுவது, யூடியூபில் ஏற்றுவது எல்லாம் என் வேலை. விரால் குழம்பு, கும்பகோணம் கடப்பா, திருவையாறு அசோகா, வாழைத்தண்டு மோர்க்கூட்டு என்று டெல்டா வீடுகளில் செய்வதைத்தான் போடுகிறோம். பதினொன்று, பன்னிரண்டு நிமிட வீடியோக்கள் மட்டும் 118 சேர்ந்துவிட்டன. நடுநடுவே ஷார்ட்ஸும் போடுவோம்.

போன வருடம் பெரியம்மா ஒருநாள் கேட்டார்: "தம்பி, மலேசியாவுல நம்மள நெறைய பேரு பாக்குறாங்கன்னு சொன்னியே, அவங்க பாஷையில எழுத்து போட்டா என்ன?" எனக்கும் சரியென்று பட்டது. நாடுகளின் பட்டியலில் இந்தியாவுக்கு அடுத்து மலேசியாதான் இருந்தது. மலாய் தெரிந்த ஒருவரைப் பிடித்து, ஒரு வீடியோவுக்கு 1,200 ரூபாய் என்று ஆறு வீடியோக்களுக்கு எழுதி வாங்கினோம். 7,200 ரூபாய் ஆனது. அதே ஆறுக்கும் நானே ஆங்கிலமும் எழுதிப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து யூடியூப் ஸ்டுடியோவில் `Analytics` போய், `Advanced mode` திறந்து, மலேசியாவை மட்டும் வடிகட்டி, சப்டைட்டில் மொழிக்கான பிரிவைப் பார்த்தேன். பார்வை நேரத்தில் எவ்வளவு எந்த மொழிச் சப்டைட்டிலோடு ஓடியது, எவ்வளவு சப்டைட்டில் இல்லாமல் ஓடியது என்று அது மொழிவாரியாகக் காட்டும். அந்த ஆறு வீடியோக்களையும் மலேசியாவில் 130 மணி நேரம் பார்த்திருந்தார்கள். மலாய் சப்டைட்டிலோடு ஓடியது அதில் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆங்கிலத்தோடு 9 மணி நேரம். மீதி முழுக்கச் சப்டைட்டிலே இல்லாமல்.

யோசித்துப் பார்த்தால் இது முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். மலேசியாவில் 500க்கும் மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே கடப்பா எப்படிச் செய்வது என்று தேடி வருபவருக்குப் பெரியம்மா பேசுவது அப்படியே புரிகிறது. மொத்த மணி நேரம் அதிகமாக இருக்கும் நாடு, நம் பேச்சு ஏற்கெனவே புரிகிற நாடாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சப்டைட்டில் வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க வேறு எதையோ பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

நான் தேட ஆரம்பித்தது, வீடியோவைத் திறந்து பார்த்துவிட்டுச் சீக்கிரம் போய்விடுகிறவர்களை. அதுவும் ஒரே நாட்டுக்குள் ஒரு வயதுக்காரர் நின்று பார்த்து, இன்னொரு வயதுக்காரர் போய்விட்டால், சமையலில் குறை இல்லை, காதில் விழுவது புரியவில்லை என்று ஓரளவு சந்தேகப்படலாம்.

முதல் தடவை கணக்கு தப்பியது. முழுச் சேனலையும் எடுத்து `Viewer age` போட்டால், எல்லா நாட்டிலும் 18 முதல் 34 வயதுக்காரர்கள் ஓடிப்போகிறவர்களாகத் தெரிந்தார்கள். இந்தியாவிலும் அதே கதை. திருவாரூரில் இருக்கிற பையனுக்குத் தமிழ் புரியாமலா போகும்? அங்கேதான் பிடிபட்டது. ஷார்ட்ஸ் எல்லாம் உள்ளே கலந்திருந்தன. இளைஞர்கள்தான் ஷார்ட்ஸ் அதிகம் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. போதாததற்கு 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே ஒரு பார்வை என்று யூடியூப் கணக்கிடுகிறது. அதனால் பார்வை எண்ணிக்கை வீங்கி, சராசரி நேரம் சுருங்கிவிடுகிறது. உங்கள் சேனலிலும் சொந்த ஊர் இளைஞர்களின் சராசரி நம்ப முடியாத அளவுக்குக் கீழே தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

தீர்வு எளிதுதான். `Groups` என்ற வசதியில் 118 நீள வீடியோக்களையும் ஒரே குழுவாகச் சேர்த்தேன். ஒரு குழுவில் 500 வரை சேர்க்கலாம். அதற்குப் பிறகு எல்லாக் கணக்கையும் அந்தக் குழுவை வைத்தே பார்த்தேன். காலத்தை 365 நாள் என்று வைத்தேன். 28 நாள் வைத்தால் ஆடி, தீபாவளி, பொங்கல் எது அதற்குள் விழுகிறதோ அது கணக்கைத் தன் பக்கம் இழுத்துவிடும். தீபாவளிக்கு முந்தின வாரம் அசோகாவுக்கு வரும் கூட்டம் மற்ற மாதங்களில் வருவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. வயது விவரம் குறைந்தபட்ச அளவு பார்வை சேர்ந்தால்தான் காட்டப்படும். சின்ன நாடு, ஒற்றை வீடியோ, ஒரு மாதம் என்று கேட்டால் அட்டவணை காலியாக வரும்.

இப்போது ஒவ்வொரு நாடாக வடிகட்டி, `Viewer age` அட்டவணையை இறக்கினேன். இறக்கினால் வரும் ஜிப் கோப்பில் `Table data.csv` என்பதுதான் வேண்டியது. அதில் வயதுவாரியாகப் பார்வையில் எத்தனை சதவீதம், பார்வை நேரத்தில் எத்தனை சதவீதம், `Average view duration` எவ்வளவு என்று இருக்கும். வயதுக்கு மணி நேரமாகக் கிடைக்காது, சதவீதமாகத்தான் கிடைக்கும். அதை அந்த நாட்டின் மொத்த மணி நேரத்தோடு பெருக்கிக்கொள்ள வேண்டும். கணக்கில் உள்நுழைந்து பார்ப்பவர்களின் வயதுதான் இதில் தெரியும் என்பதால், பெருக்கி வருவது உத்தேசமே.

நீள வீடியோக்களுக்கு வருடத்தில் மொத்தம் 18,400 மணி நேரம். இந்தியா 11,960, மலேசியா 1,650, இலங்கை 1,290, அமீரகம் 1,100, அப்படியே இறங்கிக்கொண்டு போய் ஆறாவதாகப் பிரான்ஸ், 460. அந்த 460ஐ நான் அதுவரை கவனித்ததே இல்லை.

இந்தியாவில் ஒரு பார்வைக்குச் சராசரி 4 நிமிடம் 50 வினாடி. 18 முதல் 34 வயதுக்காரர்கள் 4 நிமிடம் 27 வினாடி. இளைஞர்கள் கொஞ்சம் அவசரக்காரர்கள், அவ்வளவுதான். இதை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். மலேசியாவில் சராசரி 5:20, இளைஞர்கள் 5:10. அமீரகத்திலும் இலங்கையிலும் இளைஞர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. சிங்கள எழுத்தில் போடலாமா என்று ஒரு யோசனை இருந்தது. அந்த அட்டவணையைப் பார்த்ததும் அதை விட்டேன்.

பிரான்ஸைத் திறந்தபோது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மொத்தச் சராசரி 3:05. ஆனால் 45 வயதுக்கு மேற்பட்டவர்கள் 5 நிமிடம் நின்று பார்க்கிறார்கள், நம் ஊரைவிடக் கூடுதலாக. 18 முதல் 34 வயதுக்காரர்கள் 2 நிமிடத்தில் போய்விடுகிறார்கள். அதுவும் ஒன்றிரண்டு பேர் இல்லை. பிரான்ஸிலிருந்து வரும் பார்வையில் 52 சதவீதம் அவர்கள்தான். ஆனால் பார்வை நேரத்தில் அவர்கள் பங்கு 34 சதவீதம்.

வெளியூர்க் கணக்காகத் தோன்றினாலும் இதற்குக் காரணம் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தரங்கம்பாடி வழியாகப் பஸ் ஏறினால் காரைக்கால். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று அங்கே போய்க் குடியேறிய காரைக்கால் குடும்பங்கள் பல. அவர்களோடு 1980களிலிருந்து போரால் இடம்பெயர்ந்து பாரிஸுக்குப் போன ஈழத் தமிழர்களும் இருக்கிறார்கள். பெற்றோர் தலைமுறை தமிழ் பேசுகிறது. அங்கேயே பிறந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் வீட்டில் தமிழ் கேட்டாலும், "பச்ச வாசன போற வரைக்கும் வதக்கு" என்று பெரியம்மா வேகமாகச் சொன்னால் தடுமாறுவார்கள்.

இது என் ஊகம்தானே, எண்கள் அப்படிச் சொல்லவில்லையே என்று எனக்கே ஒரு உறுத்தல். அதனால் இரண்டு விஷயம் செய்தேன். முதலில் கருத்துப் பெட்டியில் பிரெஞ்சில் வந்தவற்றைத் தேடினேன். பதினேழு இருந்தன. நான்கு பேர் ஒரே மாதிரி கேட்டிருந்தார்கள்: அம்மாவுக்கு அனுப்பி அர்த்தம் கேட்க வேண்டியிருக்கிறது, எழுத்துப் போடக் கூடாதா என்று. அப்புறம், காரைக்காலில் பெரியம்மாவுக்கு உறவுக்காரப் பாட்டி ஒருவர் இருக்கிறார். பேத்தி பாரிஸ் பக்கம் படிக்கிறாள். பாட்டி சொன்னார்: "வீடியோவ நிப்பாட்டி நிப்பாட்டி எனக்குப் போன் பண்றாப்பா. 'மலர வேகணும்'னா என்ன பாட்டின்னு கேக்குறா. பூ மலர்றது தெரியும், பருப்பு எப்படி மலரும்னு கேக்குறா."

எந்த மொழிக்கு முதலில் கைவைப்பது என்று முடிவு செய்ய நான் வைத்துக்கொண்ட கணக்கு ஒன்றே ஒன்று: இந்தக் கூட்டம் நம் ஊர் இளைஞர்கள் அளவுக்கு நின்று பார்த்திருந்தால் எவ்வளவு மணி நேரம் கூடியிருக்கும்? பிரான்ஸில் இளைஞர்களின் பார்வை வருடத்துக்குச் சுமார் 4,650. பார்வைக்கு 2 நிமிடம் என்று இப்போது 155 மணி நேரம். 4:27 என்றால் 345 மணி நேரம். இடைவெளி ஏறக்குறைய 190. மலேசியாவில் இதே கணக்குப் போட்டால் இடைவெளியே இல்லை; அங்குள்ள இளைஞர்கள் ஏற்கெனவே நம் ஊர்க்காரர்களைவிட அதிகம் பார்க்கிறார்கள். கனடா, பிரிட்டன் இரண்டிலும் இளைஞர்கள் பிரான்ஸ் போலவே சீக்கிரம் போகிறார்கள், இரண்டையும் சேர்த்தால் இடைவெளி பிரான்ஸைவிடப் பெரிது. இரண்டுக்கும் ஆங்கிலமே பெரும்பாலும் போதும். ஆகவே முதலில் ஆங்கிலம், எல்லா வீடியோக்களுக்கும். இரண்டாவது பிரெஞ்சு. வேறு எதுவும் இப்போதைக்கு இல்லை.

கன்னடம், மலையாளம் பற்றி நண்பர்கள் கேட்டார்கள். `Cities` பிரிவில் பெங்களூரு மேலே நிற்பது உண்மை. ஆனால் அது பெங்களூருத் தமிழரா, கன்னடரா என்று ஊர்ப்பெயர் சொல்லாது. சராசரி 5 நிமிடத்துக்கு மேல் இருப்பதால் தமிழர்கள்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

பிரெஞ்சுக்கு ஆள் தேடியபோது காரைக்காலிலேயே பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் ஒரு அக்கா கிடைத்தார். இயந்திர மொழிபெயர்ப்பை எடுத்துத் திருத்தினால் போதுமே என்றுதான் நான் போனேன். ஒரு வீடியோவை அப்படிச் செய்து காட்டினேன். கடப்பா வீடியோவில் பெரியம்மா பாசிப்பருப்பை இரண்டு விரலால் நசுக்கிக் காட்டி, "மலந்து இருக்கணும், கொழைய விட்டுடாத" என்பார். இயந்திரம் அதைப் பூப்பூக்கும் பருப்பாக்கி, குழைவதை அழுகுவதாக்கியிருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இதத் திருத்துறத விட புதுசா எழுதிடலாம்" என்றார். அவர் எழுதியது:

```
14
00:02:31,200 --> 00:02:35,000
Les lentilles doivent s'ouvrir,
sans se réduire en purée.
```

பருப்பு திறந்துகொள்ள வேண்டும், மசியலாகிவிடக் கூடாது என்று அர்த்தம். வேலை முறையும் அவரோடு சேர்ந்துதான் படிந்தது. நான் முதலில் தமிழிலேயே முழு சப்டைட்டிலையும் நேரக் குறிப்போடு எழுதிவிடுவேன். காது கேளாதவர்களுக்கு அது அப்படியே பயன்படும். அக்கா நேரத்தைத் தொடாமல் வரிகளை மட்டும் மாற்றுவார். ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்துக்கு உள்ளே, திரையில் குறைந்தது இரண்டு வினாடி. பெரியம்மா வேகமாகப் பேசும் இடத்தில் எல்லாவற்றையும் எழுத முடியாது. அங்கே அளவையும் பதத்தையும் விடாமல், "என்ன கண்ணு" போன்றவற்றை விட்டுவிடுவோம். எனக்கு அவற்றை விடுவதில் மனமில்லை. ஆனால் படிக்கிறவர் கண் கீழேயே இருந்தால் கரண்டியில் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது.

பணம் போட்டுவிட்டு மறுபடி ஏமாறக் கூடாது என்பதால் முதலில் சோதனை. பிரான்ஸில் அதிகம் பார்க்கப்படும் 28 வீடியோக்களை வரிசைப்படுத்தி, ஒற்றைப்படை இடங்களில் வந்த 14க்கு மட்டும் பிரெஞ்சு போட்டோம். இரட்டைப்படை 14ஐ அப்படியே விட்டோம். இரண்டும் இரண்டு குழு. முன்பு இரண்டு குழுவின் சராசரியும் 3:05ஐ ஒட்டியே இருந்தது. தலைப்பையும் விளக்கத்தையும் பிரெஞ்சில் மாற்றவில்லை. சப்டைட்டில் பக்கத்திலேயே அதற்கும் இடம் இருக்கிறது, மாற்றினால் பிரெஞ்சில் தேடுகிறவர் கண்ணில் வீடியோ புதிதாகப் படும். அப்படி வருகிறவர்கள் கலந்துவிட்டால், பழைய ஆட்கள் கூடுதலாக நிற்கிறார்களா, புது ஆட்கள் வந்தார்களா என்று பிரிக்க முடியாது. ஆகவே அது பிறகு.

ஒரு மாதத்தில் திறந்து பார்த்தேன். வயது அட்டவணை காலி. பெரியம்மா தினமும் கேட்பார், நான் தினமும் பொறுங்கள் என்பேன். 90 நாள் ஆன பிறகுதான் எண் வந்தது. பிரெஞ்சு போட்ட 14இல் பிரான்ஸின் சராசரி 4:10. போடாததில் 3:10. பிரெஞ்சு சப்டைட்டிலோடு ஓடியது அந்தக் குழுவின் பிரான்ஸ் நேரத்தில் 29 சதவீதம். இளைஞர்கள் 2 நிமிடத்திலிருந்து மூன்றரைக்கு வந்திருந்தார்கள். நம் ஊர் அளவு 4:27ஐ இன்னும் தொடவில்லை. பெரியம்மாவிடம் சொன்னபோது, "மூணரை நிமிஷத்துல தாளிப்பு வந்திருக்காதே" என்றார். சரிதான். கடப்பாவில் தாளிப்பு ஏழாவது நிமிடத்தில் வருகிறது.

இந்த எண்களில் நான் முழுதாக நம்பாத ஒன்று உண்டு. `Device type` போட்டுப் பார்த்தால் பிரான்ஸ் நேரத்தில் கால்வாசிக்கு மேல் தொலைக்காட்சி. கூடத்தில் அப்பாவின் கணக்கில் ஓடும் டிவியைப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தால், கணக்கில் 45 முதல் 54 என்றுதான் ஏறும். அதாவது இளைஞர்களின் உண்மையான நேரம் அட்டவணையில் தெரிவதைவிடக் கூடுதலாக இருக்கலாம். நாடும் இணைய முகவரியை வைத்துத்தான். விபிஎன் போட்டவர் வேறு நாட்டில் தெரிவார். அதனால் பத்து, இருபது வினாடி வித்தியாசங்களை நான் பொருட்படுத்துவதில்லை. ஒரு நிமிடம் கூடினால் நம்புகிறேன்.

சோதனை முடிந்ததும் மீதி 14க்கும் பிரெஞ்சு போட்டாயிற்று. புது வீடியோக்களுக்குத் தமிழ், ஆங்கிலம் வெளியாகும் நாளிலேயே. பிரெஞ்சு ஒரு வாரம் பிந்தி. அதே சப்டைட்டில் பிரிவில் பிரெஞ்சை மட்டும் வடிகட்டி நாடுகளைப் பார்த்தபோது, பிரான்ஸுக்கு அடுத்து கனடா வந்தது. நான் ஆங்கிலத்தில் சேர்த்துவிட்ட நாடு. `Cities` திறந்தால் மாண்ட்ரியல். அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளி பெரும்பாலும் பிரெஞ்சில்.

அதற்குக் கீழே ரியூனியன் தீவு, வருடத்துக்கு 11 மணி நேரம். பிரான்ஸின் பகுதியானாலும் பட்டியலில் தனி வரியாக வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேறி அங்கே கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகள் வாழும் தீவு. 11 மணி நேரத்துக்கு வயது விவரம் வராது, அட்டவணை காலிதான். அக்காவிடம் சொன்னேன். அடுத்து எழுதப்போகும் அசோகாவுக்கு, சர்க்கரை போட்டதும் இளகி மறுபடி இறுகும் அந்தப் பதத்துக்கு என்ன சொல் போடுவது என்று இப்போது இருவரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறோம்.